காத்தாடிக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டே படிக்கலாம். நடுவில் கணக்கு வரும். ஓடிவிடாதீர்கள், நான் மார்க் போடப் போவதில்லை.

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் பாடத்தில் ஒரு பட்டம் பறந்துகொண்டே இருக்கும். நம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது 75 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, நூல் தரையோடு 60 பாகை. நூலின் நீளம் கேட்பார்கள். விடை 50√3, அதாவது சுமார் 86.6 மீட்டர். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலும் அதே பட்டம்தான். உயரம் 60 மீட்டர், கோணம் அதே 60, விடை 40√3. இரண்டிலுமே நூலில் தொய்வு இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும்.

இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது என்பது என் கட்சி. காத்தாடி விட்டவன் எவனுக்காவது முதலில் உயரம் தெரிந்திருக்குமா? அவன் கையில் இருப்பது நூல். எவ்வளவு விட்டோம் என்பது அவனுக்குத் தெரியும், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கியது அது. நிமிர்ந்து பார்த்தால் கோணம் தெரியும். தெரியாதது உயரம் ஒன்றுதான். அவனுக்குத் தெரியாததைக் கொடுத்துவிட்டு, தெரிந்ததைக் கேட்கிறது புத்தகம். 60 பாகை எப்படி வந்தது என்றால், விடையில் √3 அழகாக விழ வேண்டும் என்பதற்காக வந்தது. காற்றுக்கு √3 தெரியாது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். என் தங்கை பேத்தி பத்தாவது படிக்கிறாள். திருப்புதல் தேர்வில் இந்தக் கணக்குக்குப் படம் போடும்போது நூலைச் சற்று வளைத்துப் போட்டுவிட்டாள். விடை சரி, படத்துக்கு ஒரு மார்க் போயிற்று. வினாவிலேயே தொய்வு இல்லை என்று இருந்ததால் திருத்திய ஆசிரியர் செய்தது விதிப்படி சரிதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "ஏன் வளைச்சுப் போட்டே?" என்று கேட்டதற்கு அவள், "நூல் அப்படித்தானே தாத்தா இருக்கும்?" என்றாள். வானத்தைப் பார்த்த பிள்ளைக்கு மார்க் போகிறது, பார்க்காத பிள்ளைக்கு முழு மார்க் கிடைக்கிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்த உங்களுக்கு நூலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1730-களில் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகவே கூவம் வளைவில் உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். நூல் நேராக நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும், விட்டால் தொய்யும் என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டாத பாடம். காத்தாடி நூல் மட்டும் தொய்யாமல் இருக்குமா?

பட்டம் என்று புத்தகம் சொல்லட்டும், நமக்குக் காத்தாடிதான். நம் தெருக்காரர்கள் காத்தாடியின் நெஞ்சில் முடிச்சுப் போட்டுக் கட்டும் நூலுக்குச் 'சூத்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்குச் சூத்திரத்துக்கும் அதே பெயர்தான். இரண்டில் எது தப்பினாலும் காத்தாடி சரியாக நிற்காது.

சூத்திரம் சின்னதுதான். விட்ட நூலின் நீளம் கர்ணம். காத்தாடியின் உயரம் எதிர்ப்பக்கம். எனவே

உயரம் = நூலின் நீளம் × sin (கோணம்)

இதில் கோணம் என்று எழுதியிருக்கிறேனே, அது எந்தக் கோணம்? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்காகத்தான். நூல் நேராக இருந்தால் கோணம் ஒன்றுதான். நூல் தொய்ந்தால் கோணம் இரண்டாகிவிடும். ஒன்று, கையைவிட்டுக் கிளம்பும் இடத்தில் நூல் தரையோடு உண்டாக்கும் கோணம். இதை நூல்கோணம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, கையிலிருந்து காத்தாடியை நேராகப் பார்க்கும் பார்வைக்கோடு உண்டாக்கும் கோணம், பாடத்தில் ஏற்றக்கோணம் என்று படித்தீர்களே, அது. இதைப் பார்வைக்கோணம் என்போம். தொய்ந்த நூல் கைக்கருகில் படுத்து, போகப் போக நிமிர்ந்து, காத்தாடிக்குக் கீழே செங்குத்தாக ஏறும். ஆகவே நூல்கோணம் எப்போதும் பார்வைக்கோணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

பாடப்புத்தகம் கேட்பது எதை? 'நூல் தரையோடு உண்டாக்கும் கோணம்'. இரண்டில் அளக்கக் கூடாத கோணம் எதுவோ, அதையே பெயர் சொல்லிக் கேட்கிறது!

ஏன் அளக்கக் கூடாது என்பதைக் கோடி காட்டிவிடுகிறேன். சாயங்காலம் காற்று விழும் நேரம் பார்த்திருப்பீர்கள். காத்தாடி உயரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். கைக்கருகே நூல் தொப்பை விழுந்து, தரைக்கு இணையாகக் கிடக்கும். அப்போது நூல்கோணம் சுழி. sin 0° = 0. நூறு மீட்டர் நூல் விட்டிருந்தாலும் காத்தாடியின் உயரம் சுழி என்று சூத்திரம் சொல்லும். மேலே காத்தாடி சிரித்துக்கொண்டிருக்கும்.

அளந்தே பார்த்துவிடலாம் என்று தங்கை பேத்தியையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு மெரினா போனேன். நம் பேட்டை மொட்டை மாடியில் விடலாமே என்று பையன் கேட்டான். பறக்கும் ரயில் மின்கம்பி ஒரு பக்கம், அண்ணா சாலை மறுபக்கம். அதோடு மாஞ்சாவால் சென்னையில் எத்தனை கழுத்து அறுபட்டது என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே மாஞ்சா பேச்சே கிடையாது. வெறும் பருத்தி நூல், சின்னக் காகிதக் காத்தாடி, அலை ஓரம். கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், காத்தாடி மேற்கே சாலைப் பக்கம் போகும். சாலைக்கு மேல் போய்விடக் கூடாது என்பதற்காக எவ்வளவு நூல் விடலாம் என்று முதலில் கணக்குப் போட்டோம். நூல் எப்படிக் கிடந்தாலும் காத்தாடி நூலின் நீளத்தைவிட அதிகமாகப் பக்கவாட்டில் போக முடியாது. 120 மீட்டர் விட்டால், அறுபடாதவரை மணலுக்கு மேலேதான் நிற்கும். அலை ஓரத்திலிருந்து சாலைக்கு அதைவிட வெகு தூரம்.

இனி நீளம். லொட்டாயைச் சுற்றிய சுற்றை எண்ணினால் போதும் என்று பையன் சொன்னான். போதாது. நூல் நிறையச் சுற்றிய லொட்டாயின் குறுக்களவு 12 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றில் சுமார் 38 சென்டிமீட்டர் நூல் போகும். நூல் தீரத் தீர லொட்டாய் இளைத்து 8 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர்தான். எல்லாச் சுற்றையும் ஒன்றாக எண்ணினால் நீளம் கன்னாபின்னாவென்று தப்பும். அதனால் முதல் நாளே நூலை அளந்து, பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு சிவப்பு மை அடையாளம் வைத்துச் சுற்றிக்கொண்டோம். பன்னிரண்டாவது சிவப்பு கைக்கு வந்ததும் நிறுத்தினோம். 120 மீட்டர்.

கோணத்துக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வடிவியல் பெட்டியில் இருக்கும் பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒரு நூலில் சின்னத் திருகாணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியாக அடிவானத்தைப் பார்த்தால் தொங்கும் நூல் 90-இல் நிற்கும். காத்தாடியைப் பார்த்தால் நகரும். 90-இலிருந்து எவ்வளவு நகர்ந்ததோ அதுதான் பார்வைக்கோணம். ஒருவர் ஸ்ட்ரா வழியே பார்க்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால், எண்ணைப் பார்க்கக் கண்ணைத் திருப்பும்போதே ஸ்ட்ரா விலகிவிடும். இன்னொன்று, காத்தாடி மேற்கே நிற்கும், சாயங்காலச் சூரியனும் மேற்கே. காத்தாடி சூரியனுக்கு அருகில் வந்தால் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள்.

ஐந்து முறை பார்த்தோம். 46, 49, 48, 50, 47. சராசரி 48 பாகை. ஒரே முறை பார்த்து எழுதினால் காற்றின் ஓர் அசைவைத்தான் எழுதியிருப்போம். பிறகு பாகைமானியைக் கைக்கருகே நூலை ஒட்டிப் பிடித்து நூல்கோணத்தையும் ஐந்து முறை எடுத்தோம். 38, 41, 42, 39, 40. சராசரி 40. நூல் விறைப்பாக இருப்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் இரண்டு கோணத்துக்கும் 8 பாகை வித்தியாசம்.

இப்போது போடுங்கள்.

120 × sin 40° = 77.1 மீட்டர்
120 × sin 48° = 89.2 மீட்டர்

ஒரே காத்தாடி, ஒரே நூல், இரண்டு உயரம். வித்தியாசம் 12 மீட்டர், அதாவது நாலு மாடி. எது உண்மை?

இரண்டுமே முழு உண்மையல்ல. ஆனால் உண்மை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். ஏன் என்று பேத்தியையே சொல்ல வைத்தேன். நூல் கைக்கருகேதான் மிகவும் படுத்திருக்கிறது, மேலே போகப் போக நிமிர்கிறது. நூல் முழுவதும் 40 பாகையிலேயே சாய்ந்திருந்தால் 77.1 மீட்டர் ஏறியிருக்கும். உண்மையில் மேல்பகுதி அதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. எனவே உயரம் 77.1-ஐ விட அதிகம். இது ஒரு பக்கம். மறுபக்கம், 120 மீட்டர் என்பது வளைந்த நூலின் நீளம். கைக்கும் காத்தாடிக்கும் இடையே உள்ள நேர்த்தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க முடியும். எனவே உயரம் 89.2-ஐ விடக் குறைவு. இப்படிக் கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி. தொய்வு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாலே பதிலின் எல்லையும் கூடவே கிடைத்துவிடுகிறது. தொய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால் இது கிடைக்காது.

அடுத்த கேள்வி, உண்மை எந்த வேலிக்கு அருகில்? நடுவில் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை. மேல்வேலியை ஒட்டி இருக்கும்.

தொய்வு சிறிதாக இருக்கும்போது நூலின் வளைவை ஒரு பெரிய வட்டத்தின் சின்ன வில்லாக எடுத்துக்கொள்ளலாம். கைக்கருகே 40 பாகை, கையையும் காத்தாடியையும் சேர்க்கும் நேர்கோடு 48. அப்படியானால் காத்தாடிக்கருகே நூல் சுமார் 56 பாகையில் இருக்கும், ஏனென்றால் வட்டவில்லில் நாண் இரு முனைகளோடும் சம கோணம் உண்டாக்கும். வட்டம் பாடம் நினைவிருக்கிறதா? மொத்தத்தில் நூல் 16 பாகை திரும்புகிறது. 16 பாகை திரும்பும் வில்லுக்கும் அதன் நாணுக்கும் நீள வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஆயிரத்துக்கு மூன்று. 120 மீட்டர் நூலுக்கு நேர்த்தூரம் 119.6 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர்தான் போயிற்று! உயரம் 119.6 × sin 48° = 88.9 மீட்டர்.

பார்வைக்கோணத்தை வைத்துப் போட்டது 89.2, திருத்தியது 88.9. தப்பு 30 சென்டிமீட்டர், ஒரு சாண் கூடுதலாக இருக்கும். நூல்கோணத்தை வைத்துப் போட்டதில் தப்பு கிட்டத்தட்ட 12 மீட்டர். தொய்வு நீளத்தில் எடுத்துக்கொள்வது சொற்பம். கோணத்தில்தான் அது வேலையைக் காட்டுகிறது. பார்வைக்கோணத்தை அளந்துவிட்டால் தொய்வைப் பற்றிப் பெரும்பாலும் கவலையே வேண்டாம். நூல்கோணத்தை அளந்தால், விறைப்பாகத் தெரியும் நூல்கூட ஏமாற்றிவிடும்.

எவ்வளவு தொய்வு வரை இப்படிக் கவலைப்படாமல் இருக்கலாம் என்பதற்கும் அந்த இரண்டு கோணமே சாட்சி. வித்தியாசம் 8 பாகை என்றால் நீளத்தில் போவது மூன்றில் ஒரு சதவீதம். 15 பாகை என்றால் சுமார் ஒரு சதவீதம். 20 பாகை என்றால் இரண்டு சதவீதம். வித்தியாசம் இரண்டு மடங்கானால் இழப்பு நாலு மடங்காகும். 20-ஐத் தாண்டினால் வட்டவில் என்ற பேச்சும் செல்லாது, அன்றைக்குக் காற்று போதவில்லை என்று லொட்டாயைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது நல்லது.

மேலே நான் போட்ட திருத்தத்தைப் பேத்தி நம்பவில்லை. "அதுவும் நீங்க வச்சுக்கிட்டதுதானே தாத்தா, வட்டம்னு?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். எனவே நூலின் நீளமே வராத இன்னொரு வழியில் சரிபார்த்தோம். தம்பியை ஸ்ட்ராவோடு காத்தாடிக்கு நேர் கீழே போய் நிற்கச் சொன்னேன். நேர் கீழே வந்துவிட்டோம் என்பது எப்படித் தெரியும்? ஸ்ட்ரா வழியாகக் காத்தாடி தெரியும்போது திருகாணி நூல் ஸ்ட்ராவுக்கு இணையாகத் தொங்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து, கழுத்து வலிக்கிறது என்று புலம்பி, ஒரு வழியாக நின்றான். அவன் காலடியிலிருந்து அக்கா காலடி வரை மணலில் கயிறு போட்டு அளந்தோம். 81 மீட்டர்.

81 × tan 48° = 90 மீட்டர்

நூல் வழியில் 88.9, தரை வழியில் 90. காத்தாடி நின்ற இடத்தில் நிற்கவில்லை, பையன் நின்ற இடமும் ஓரிரண்டு மீட்டர் முன்பின் இருக்கலாம். அதற்குள் ஒரு மீட்டர் வித்தியாசம் என்றால் எனக்குத் திருப்தி. நூல் உண்மையிலேயே 40 பாகையில் நேராக நின்றிருந்தால் பையன் 120 × cos 40° = 92 மீட்டரில் நின்றிருக்க வேண்டும். பதினோரு மீட்டர் இந்தப் பக்கமே நின்றான். 77 மீட்டர் என்ற விடை அங்கேயே மணலில் புதைந்தது.

இதெல்லாம் கைக்கு மேலே உள்ள உயரம். அவள் கை மணலிலிருந்து ஒரு மீட்டர் சொச்சம், அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மெரினாவில் இது சின்ன விஷயம். மூணாவது மாடி மொட்டை மாடியிலிருந்து விட்டால் பத்து மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். ஏறக்குறைய 90 மீட்டர் என்றால் எவ்வளவு? அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி, அதாவது 54 மீட்டர். அதற்கு மேல் இன்னும் முக்கால் எல்.ஐ.சி.யைத் தூக்கி வைத்தால் காத்தாடியைக் கொஞ்சம் தாண்டும். "எல்.ஐ.சி.யை விட மேல போச்சு சார்" என்று திங்கட்கிழமை காலையில் கதைவிட்ட பயல்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். 54 மீட்டர் போக, 48 பாகையில் உங்களுக்கு 73 மீட்டர் நூல் போதும். நீங்கள் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம்.

பேரப்பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. போனில் இருக்கும் கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் sin 48 என்பதற்கு −0.768 காட்டும். பெருக்கினால் காத்தாடி மணலுக்கு 92 மீட்டர் அடியில் பறக்கும். பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது முக்கோணவியல் அட்டவணையைப் புரட்டுங்கள், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

தொய்வு எதனால் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நூலின் எடையால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது பாதி. காற்று காத்தாடியை மட்டும் தள்ளவில்லை, நூலையும் தள்ளுகிறது. சாய்ந்து நிற்கும் நூலைக் கிடையாக வீசும் காற்று தள்ளும்போது, நூலுக்குச் செங்குத்தாக விழும் தள்ளல் கொஞ்சம் முன்னேயும் கொஞ்சம் கீழேயும் போகும். எடையும் கீழே, தள்ளலும் கீழே. மெல்லிய நூலில் பல நேரம் எடையைவிட இந்தத் தள்ளல்தான் பெரிது. அதனால்தான் காற்று பலமாக வீசினாலும் தொய்வு முழுக்கப் போவதில்லை. காத்தாடியின் இழுப்பும் கூடும், நூல் மேல் விழும் தள்ளலும் கூடும்.

நூல் நீள நீள இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2014-இல் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மூர் என்பவர் ஒற்றைக் காத்தாடியை 4,879 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி உலக சாதனை செய்தார். விட்ட நூல் 12 கிலோமீட்டருக்கு மேல். ஏறிய உயரம் நூலின் பாதிகூட இல்லை. அவர் கோணம் பார்த்து உயரம் சொல்லவில்லை, காத்தாடியிலேயே ஜி.பி.எஸ். கருவி கட்டியிருந்தார். அந்த வசதி இல்லாத காலத்தில் நம் வழிதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ப்ளூ ஹில் வானிலை ஆய்வகத்தில் 1894 ஆகஸ்டில் காத்தாடியில் வெப்பமானி கட்டி மேலே ஏற்றினார்கள். எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது, எனவே உயரம் தப்பினால் மொத்த வேலையும் வீண். விட்ட நூலின் நீளத்தையும் காத்தாடியின் கோணத்தையும் வைத்துத்தான் அவர்களும் உயரம் கண்டார்கள். பின்னாளில் நூலை விட்டுவிட்டு மெல்லிய பியானோக் கம்பிக்கு மாறினார்கள். கம்பி அதே பலத்துக்கு நூலைவிட ஒல்லி, காற்று தள்ளுவதற்கு அதில் இடம் குறைவு.

'தொய்வு இல்லை எனக் கொள்க' என்பதை எடுத்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்குவார்களா என்று ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கேட்டார். கணக்கு ஆசிரியராக இருந்தவர், சாதாரணமாகக் கேட்கவில்லை. தேர்வில் ஒரு விடைதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருத்துகிறவர்கள் திண்டாடுவார்கள் என்பது அவர் வாதம். லட்சக்கணக்கான விடைத்தாள் திருத்தும் நாட்டில் அது நியாயமான பயம்தான். ஆனால் நான் சங்கிலிவளைவின் சமன்பாட்டைக் கேட்கச் சொல்லவில்லை. மேலே செய்ததில் வேலி போட்ட பகுதிக்கு சைனைத் தவிர வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. அதற்கு விடையும் திட்டவட்டமாக இருக்கிறது: கீழ் எல்லை ஓர் எண், மேல் எல்லை ஓர் எண். திருத்துவதற்கு √3-ஐ விடக் கஷ்டமா?

அவரிடம் நான் எழுதிக் கொடுத்த வினா இதுதான். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் பாடம் நடத்தும் பழைய மாணவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

ஒரு மாணவி கடற்கரையில் 120 மீட்டர் நூல் விட்டுக் காத்தாடி பறக்க விடுகிறாள். கைக்கருகே நூல் தரையோடு 40 பாகை கோணம் உண்டாக்குகிறது. அவள் கையிலிருந்து காத்தாடியின் ஏற்றக்கோணம் 48 பாகை. நூல் தொய்ந்திருப்பதைப் படம் வரைந்து காட்டுக. காத்தாடியின் உயரம் எந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்க வேண்டும்? அவளுடைய தம்பி காத்தாடிக்கு நேர் கீழே, அவளிடமிருந்து 80 மீட்டர் தொலைவில் நிற்கிறான் எனில், உயரம் அந்த இரண்டில் எதற்கு அருகில் உள்ளது?

ஐந்து மார்க். அதில் ஒன்று, நூலை வளைத்து வரைவதற்கு.